ஏற்பும் வேண்டுகோளும் ஒரே வாக்கியமல்ல

நியமனக் கடிதம் கைக்கு வந்தபின், பணியை ஏற்று, சேரும் நாளை மட்டும் சில வாரங்கள் தள்ளித் தருமாறு கேட்டு எழுதும் மின்னஞ்சலை நம் பல்கலைக்கழக வளாகங்களில் எவரும் ஓர் எழுத்தாக மதிப்பதில்லை. மூத்த ஆய்வாளர் யாரோ என்றோ அனுப்பிய மடலை வாங்கி, பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்பிவிடுவதே வழக்கம். ஐந்தாண்டு முயன்று எழுதிய ஆய்வேட்டில் ஒரு பின்னொட்டின் பொருளுக்காக நாற்பது பக்கம் வாதிட்டவர்கள்கூட, தம் வாழ்க்கைப் பாதையைத் தீர்மானிக்கும் இந்தப் பத்து வரிகளைப் படியெடுத்தே அனுப்புகிறார்கள்.

விடுதி அறைகளில் கைமாறும் அந்த மாதிரி மடல் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தது. முதலில் நன்றி, அடுத்து பெருமிதம், அதன்பின் குடும்பச் சூழ்நிலை, கடைசியில் ஒரே மூச்சில் இவ்வாறு ஒரு வாக்கியம்: “சேரும் தேதியைக் கனிவுடன் நீட்டித்துத் தருவீர்களானால் இப்பணியை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்வேன்.” பணிவின் உச்சம் என்று மெச்சப்படும் இந்த வாக்கியமே அம்மடலில் மிகவும் ஆபத்தானது. எழுதியவர் பணியை ஏற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். வாக்கியமோ அவர் இன்னும் எதையும் ஏற்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இதைக் காண மொழியியல் பட்டம் தேவையில்லை. தமிழ் இலக்கணத்தின் முதற்பாடம் போதும். ‘தருவீர்களானால்’ என்ற நிபந்தனை எச்சம் தனக்குப் பின்வரும் முற்றுவினையைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறது. ‘மழை பெய்தால் குடை எடுப்பேன்’ என்பவர் குடை எடுத்ததாக யாரும் கொள்வதில்லை. அதே இலக்கணத்தின்படி, ‘நீட்டித்தால் ஏற்பேன்’ என்பவரும் ஏற்றவராகார். இத்தகைய மடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன என்பதால் நிலைமை மாறிவிடுவதில்லை. ‘சப்ஜெக்ட் டு’, ‘ப்ரொவைடட் தட்’ ஆகிய இரண்டும் இதே எச்சத்தின் வேலையைச் செய்கின்றன. ‘ஐ வுட் பி ஹாப்பி டு அக்செப்ட்’ என்பது இன்னும் நழுவலானது: ஏற்பதில் மகிழ்வேன் என்கிறதே ஒழிய, ஏற்கிறேன் என்று சொல்லவில்லை.

ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றி, 1962இல் நூலாக வந்த சொற்பொழிவுகளை மொழியியல் மாணவர் எவரும் கடக்காமல் வந்திருக்க முடியாது. சில வினைகளைத் தன்மை ஒருமையில், நிகழ்காலத்தில், உரிய சூழலில் சொல்வதே அச்செயலைச் செய்வதாகும் என்பது அவற்றின் தொடக்கப் புள்ளி. ‘வாக்களிக்கிறேன்’ என்று சொல்வதுதான் வாக்களிப்பு. ‘ஏற்கிறேன்’ என்று சொல்வதுதான் ஏற்பு. ‘ஏற்க விரும்புகிறேன்’ என்பது விருப்பத்தைப் பற்றிய செய்தி. ‘ஏற்பேன்’ என்பது எதிர்காலத்தைப் பற்றிய செய்தி. வகுப்பில் இந்த வேறுபாட்டுக்கு மதிப்பெண் வாங்கியவர்களே, தம் மடலில் அதைப் பணிவின் பெயரால் அழித்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் இலக்கணக்காரரின் வீண் நுணுக்கம், அலுவலகத்தில் யார் இப்படிப் படிக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். அலுவலகம்தான் இப்படிப் படிக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 7ஆம் பிரிவில், ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அரசுப் பணி வெறும் ஒப்பந்தம் அன்று, பணியில் சேர்ந்தபின் அது சட்டங்களாலும் விதிகளாலும் ஆளப்படும் ஒரு தகுதிநிலையாகிவிடுகிறது என்று 1967இல் ரோஷன் லால் டாண்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் அதே தீர்ப்பு, அப்பணியின் தொடக்கம் ஒப்பந்தமே என்பதையும் ஒப்புக்கொள்கிறது. நியமனக் கடிதத்துக்கும் சேரும் நாளுக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் வேட்பாளர் நிற்பது இந்தத் தொடக்கத்தில்தான்.

நிபந்தனையோடு வரும் ஏற்பு என்னவாகிறது என்பதற்குச் சட்ட மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் இரண்டு ஆங்கிலேய வழக்குகள் உள்ளன. 1840இன் ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கில், ஒருவர் தம் பண்ணையை 1000 பவுனுக்குத் தர முன்வந்தார். மற்றவர் 950 தருவதாகச் சொன்னார். அது மறுக்கப்பட்டதும், 1000க்கே வாங்கிக்கொள்கிறேன் என்று திரும்பி வந்தார். ஏற்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. 950 என்று சொன்ன கணத்தில் அவரே முதல் முன்மொழிவை நிராகரித்துவிட்டார் என்று முடிவாயிற்று. 1880இன் ஸ்டீவன்சன் எதிர் மக்லீன் வழக்கு வேறு கதை. இரும்பு டன்னுக்கு 40 ஷில்லிங் என்ற விலைக்கு, வாங்குபவர் தந்தியில் ஒன்று கேட்டார்: இதே விலையில், சரக்கை இரண்டு மாதங்களில் பகுதி பகுதியாகத் தர இயலுமா, இல்லையெனில் அதிகபட்சம் எவ்வளவு அவகாசம் தர முடியும்? விற்பவர் இதை நிராகரிப்பாகக் கொண்டு சரக்கை வேறொருவருக்கு விற்றுவிட்டார். நீதிமன்றமோ, இது வெறும் விசாரிப்பு, எதிர்முன்மொழிவு அன்று என்றது. முதல் முன்மொழிவு உயிரோடுதான் இருந்தது.

கேட்ட பொருள் இரண்டிலும் சிறியதே. கேட்ட முறையில்தான் வேறுபாடு. இரண்டாவது வழக்கில் கேட்கப்பட்டதும் காலம் பற்றியது என்பதைச் சேரும் தேதிக்காகத் தவிப்பவர்கள் கவனிக்கலாம்.

இதை ஒரு குறிப்பிட்ட நிலைமையில் வைத்துப் பார்ப்பது நல்லது. புணேயில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருக்கும் ஆய்வாளர் ஒருவருக்கு, மைசூரில் உள்ள மத்திய அரசு சார்ந்த நிறுவனம் ஒன்றிலிருந்து ஜூன் 2 நாளிட்ட நியமனக் கடிதம் வருகிறது என்று கொள்வோம். ஏற்பை ஜூன் 12க்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால் கடிதம் தானாகவே ரத்தாகும். ஜூலை 1 அன்று பணியில் சேர வேண்டும். புணேப் பணியின் விதிப்படி விலகுவதற்கு 45 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஜூன் 3 அன்று விலகல் கடிதம் கொடுத்தால் மறுநாளிலிருந்து எண்ணி ஜூனில் 27, ஜூலையில் 18 என 45 நாள் முடிந்து, ஜூலை 18, வெள்ளிக்கிழமை, விடுவிக்கப்படுவார். திங்கட்கிழமை, ஜூலை 21 அன்று மைசூரில் சேரலாம். ஆக, அவருக்குத் தேவைப்படுவது 20 நாள்.

இப்போது மாதிரி மடலை அவர் அனுப்புகிறார்: நீட்டித்தால் ஏற்பேன். அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். பதில் வராமல் விலகல் கடிதம் கொடுக்க அவருக்குத் துணிவில்லை. ஏற்பே நிபந்தனையில் தொங்கும்போது அந்தத் துணிவு வராததும் நியாயமே. ஜூன் 12 கடந்துபோகிறது. அங்கே கோப்பைப் பார்க்கும் உதவியாளருக்கு உள்ள கேள்வி ஒன்றே: குறித்த நாளுக்குள் ஏற்பு வந்ததா? வந்திருப்பது ஏற்பா இல்லையா என்பதைத் தம் பொறுப்பில் முடிவு செய்ய அவருக்கு விருப்பமிராது. ‘நிபந்தனையுடன் கூடிய ஏற்பு’ என்று குறிப்பெழுதி மேலே அனுப்புவார். மேலே இருப்பவரின் மேசையில் காத்திருப்புப் பட்டியலும் இருக்கிறது. அதன் முதல் பெயருக்குரியவர் எந்த நிபந்தனையும் எழுதவில்லை.

நல்லவேளையாக, ஜூன் 16 அன்று நீட்டிப்பு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அன்றே விலகல் கடிதம் கொடுத்தாலும், 45 நாள் ஜூலை 31இல்தான் முடியும். தாமே கேட்டு வாங்கிய ஜூலை 21 அன்று அவரால் சேர முடியாது! மறுபடியும் ஒரு மடல், மறுபடியும் பணிவு, இம்முறை அந்தப் பக்கத்தில் எரிச்சல். பணிவான வாக்கியம் செய்த வேலை இது. காத்திருந்த ஒவ்வொரு நாளும் விடுவிப்பு நாளை ஒரு நாள் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது.

ஏற்பைத் தனியாகவும் வேண்டுகோளைத் தனியாகவும் வைத்து எழுதினால் மடல் இவ்வளவுதான்:

“ஜூன் 2 நாளிட்ட தங்கள் கடிதத்தில் கண்ட விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியர் பணியை ஏற்கிறேன். ஒப்பமிட்ட ஏற்புப் படிவத்தை இணைத்துள்ளேன். இதனுடன் தனியே ஒரு வேண்டுகோள். இப்போதைய பணியிலிருந்து விலக 45 நாள் முன்னறிவிப்பு தரவேண்டியுள்ளது. இன்று, ஜூன் 3 அன்று, அதைக் கொடுத்துள்ளேன். ஜூலை 18 அன்று விடுவிக்கப்படுவேன். ஆகவே, சேரும் நாளை ஜூலை 21, திங்கட்கிழமைக்கு நீட்டித்துத் தருமாறு வேண்டுகிறேன். நீட்டிக்க இயலாதெனில் ஜூலை 1 அன்றே சேர்வேன். முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். விலகல் கடிதத்தின் படியும் முன்னறிவிப்பு விதியின் படியும் இணைக்கப்பட்டுள்ளன.”

இதில் ‘நீட்டிக்க இயலாதெனில் ஜூலை 1 அன்றே சேர்வேன்’ என்ற வாக்கியத்தைக் கண்டதும் மூத்தவர்கள் பதறுவார்கள். கையில் உள்ள துருப்பை நீயே கீழே போடலாமா, மறுக்கச் சொல்லி நீயே வழிகாட்டலாமா என்பார்கள். அந்த அச்சம் முழுவதும் பொய்யன்று. சில அலுவலகங்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மறுக்கவும் கூடும். வேண்டுமானால் அவ்வாக்கியத்தை எடுத்துவிடலாம். ஏற்பின் சட்டநிலை அதனால் மாறப்போவதில்லை. ஆனால் அவ்வாக்கியத்துக்குப் பின்னால் உள்ள முடிவை எடுக்காமல் மடலை அனுப்ப இயலாது. ‘ஏற்கிறேன்’ என்று எழுதுமுன், மறுத்தால் என்ன செய்வேன் என்பதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். நமது ஆய்வாளருக்கு விடை இருக்கிறது: ஜூன் 30 அன்றே விலகினால் முன்னறிவிப்பில் 18 நாள் குறையும், அதற்குரிய ஊதியத்தைக் கட்டிவிட்டு வரலாம். மாத ஊதியம் 62,000 ரூபாய் என்றால், 31 நாள் கொண்ட ஜூலையின் கணக்கில் நாளொன்றுக்கு 2,000 வீதம் 36,000 ரூபாய். கசப்பான தொகைதான், ஆனாலும் பணியை இழப்பதோடு ஒப்பிடத்தக்கதன்று. ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு முன்கூட்டியே விடுவிக்க அவரது விதியில் இடமிருக்கிறதா என்பதை மட்டும் மடல் எழுதுமுன் பார்த்துவிட வேண்டும்.

இடமில்லை என்றால்? அல்லது ஜூலை 10 அன்று வாய்மொழித் தேர்வு நடக்கிறது, எக்காரணம் கொண்டும் அதை மாற்ற இயலாது என்றால்? அப்போது மேற்கண்ட மடல் பொய்யாகிவிடும். ஜூலை 1 அன்று சேர முடியாதவர், ஜூலை 1 என்று குறித்த கடிதத்தை நிபந்தனையின்றி ஏற்பது நேர்மையாகாது. அவர் எழுத வேண்டியது வேறொரு மடல். அதில் ஏற்பு இராது, நிராகரிப்பும் இராது. ஸ்டீவன்சன் வழக்கின் தந்தியைப்போல் அது ஒரு விசாரிப்பு: இன்ன காரணத்தால் ஜூலை 21க்கு முன் சேர இயலாது, அவ்வாறு நீட்டிக்க விதிகள் இடம் தருமா என்பதைத் தெரிவிக்க வேண்டும், ஏற்புக்குரிய நாளான ஜூன் 12க்கு முன் பதில் கிடைத்தால் அதற்கேற்ப உடனே என் முடிவைத் தெரிவிப்பேன். இதை ஜூன் 3 அன்றே அனுப்ப வேண்டும், 11 அன்று அனுப்பிப் பயனில்லை. 12க்குள் பதில் வராவிட்டால் ஏற்பு நாளையே நீட்டிக்குமாறு கேட்கலாம். மறுத்தால் கடிதம் காலாவதியாகும். இந்த இழப்பைத் தவிர்க்கும் சொல்லலங்காரம் எதுவும் எம்மொழியிலும் இல்லை. மாதிரி மடலின் பெருங்கேடு, இந்த இரு நிலைமைகளையும் ஒரே வாக்கியத்தால் மூடிவிடுவதுதான். வரக்கூடியவரும் வரவே இயலாதவரும் ஒரே மொழியில் பேசினால், வாசிக்கும் பதிவாளர் யாரை நம்புவார்?

காரணம் எழுதுவதிலும் ஒரு தொற்றுநோய் உண்டு. முன்னறிவிப்புக் காலம் என்ற எளிய உண்மை இருக்கும்போது, அது ‘வலுவாக இல்லை’ என்று எண்ணி, தந்தையின் அறுவை சிகிச்சையையோ தாயின் முதுமையையோ மடலில் ஏற்றுகிறார்கள். முன்னறிவிப்புக்குச் சான்று உண்டு, முடியும் நாள் உண்டு. நோய்க்கு முடியும் நாள் இல்லை. கோப்பில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்றிருந்தால், ஜூலை 21க்கும் இவர் வருவாரா என்ற ஐயம் எழுவது இயல்பு. பொய்யென்று பின்னர் தெரிந்தால், தகுதிகாண் பருவத்திலேயே ஒருவர் தம்மைப் பற்றி எழுதிவைத்த முதல் ஆவணம் அதுவாகிவிடும்.

அலுவலகங்களின் பக்கமும் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. தேதியைத் தள்ளிக் கேட்பதே செருக்கு, நன்றிகெட்டதனம் என்று முகம் சுளிக்கும் துறைத்தலைவர்கள் தம் அரசின் விதியையே படித்ததில்லை. மத்தியப் பணியாளர் துறையின் அறிவுறுத்தல்கள், குறித்த காலத்துக்குள் வேட்பாளர் வேண்டுகோள் விடுத்தால் அதைப் பரிசீலிக்கலாம், திருப்தி ஏற்பட்டால் நீட்டிக்கலாம் என்றே கூறுகின்றன. நியமனக் கடிதத்தை அப்படித் திறந்துவைக்க மொத்த வரம்பு முன்பு ஒன்பது மாதமாக இருந்து, பின்னர் ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. ஜூன் 2 நாளிட்ட கடிதத்துக்கு அந்த வரம்பு டிசம்பர் தொடக்கம் வரை செல்லும். 20 நாள் கேட்பவர் அதில் ஒன்பதில் ஒரு பங்குகூடக் கேட்கவில்லை. நீட்டித்த காலத்துக்குள் சேர்பவரின் முதுநிலை அதனாலேயே தாழ்ந்துவிடுவதும் இல்லை. ரத்தான பிறகு உயிர்ப்பிக்கப்படும் கடிதத்துக்குத்தான் அந்தத் தண்டனை. தன்னாட்சி நிறுவனங்களில் தத்தம் விதிகள் சற்று மாறலாம். ஆனால் ‘கேட்கவே கூடாது’ என்று எவ்விதியும் எழுதி வைத்திருப்பதில்லை.

இன்னொரு பழக்கம், எழுத்தில் வந்த வேண்டுகோளுக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது. ‘பரவாயில்லை, 21ஆம் தேதி வாருங்கள்’ என்கிறது ஒரு குரல். கோப்பில் ஜூலை 1 அப்படியே கிடக்கிறது. அக்குரலுக்குரியவர் மாற்றலாகிப்போனால், ஜூலை 2 முதல் அந்தக் கடிதம் காலாவதியானதாகவே கருதப்படும். வேட்பாளர் அன்றே, ‘தாங்கள் இன்று தொலைபேசியில் தெரிவித்தபடி சேரும் நாள் ஜூலை 21 என நீட்டிக்கப்பட்டதாகக் குறித்துக்கொண்டேன், ஆணையை எதிர்நோக்குகிறேன்’ என்று இரு வரி எழுதி அனுப்ப வேண்டும். இது அவநம்பிக்கை என்று கோபிப்பவர்கள், தம் பயணப்படிக் கணக்கை வாய்மொழியாகச் சமர்ப்பிப்பதுண்டா?

நீட்டிப்புக் கேட்பவர்கள் கணக்கில் கொள்ளாத விலை ஒன்றும் இருக்கிறது. மாதிரி மடல்கள் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஏழாம் ஊதியக் குழுவுக்குப் பிந்தைய மத்திய விதிகளில் ஆண்டு ஊதிய உயர்வுக்கு ஜனவரி 1, ஜூலை 1 என இரு நாட்கள் உண்டு. ஜனவரி 2 முதல் ஜூலை 1 வரை சேர்ந்தவருக்கு அடுத்த ஜனவரி 1 அன்று உயர்வு; ஜூலை 2 முதல் அடுத்த ஜனவரி 1 வரை சேர்ந்தவருக்கு ஜூலை 1 அன்று. நமது ஆய்வாளர் ஜூலை 1 அன்று சேர்ந்தால் ஆறு மாதத்தில் முதல் உயர்வைப் பெறுவார். ஜூலை 21 அன்று சேர்ந்தால் ஏறத்தாழ ஓராண்டு காத்திருப்பார். இருபது நாள் தள்ளியதால் உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போகிறது, பின்வரும் ஆண்டுகளிலும் அந்த வரிசையே தொடர்கிறது. 36,000 ரூபாய் கட்டிவிட்டு ஜூலை 1 அன்றே சேர்வது சிலருக்கு இதனால் இலாபமாகவே முடியலாம். கேட்கலாமா என்று தயங்கும் அதே நேரத்தில், கேட்கத்தான் வேண்டுமா என்று இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், இரத்தலுக்குரிய சொற்களை மூன்றாகப் பிரிக்கிறது. தாழ்ந்தவன் கேட்பது ‘ஈ’, ஒத்தவன் கேட்பது ‘தா’, உயர்ந்தவன் கேட்பது ‘கொடு’. யாரிடம் யார் கேட்கிறார் என்பது சொல்லிலேயே பதிந்துவிடும் என்பதை அந்நூல் கண்டிருந்தது. நேர்காணலில் பலரைக் கடந்து தேர்வாகி, கடிதமும் பெற்ற ஒருவர், ஏற்று முடித்தபின் கேட்கும் 20 நாளுக்கு ‘தா’ என்பதே உரிய சொல். விடுதியில் கைமாறும் மடல் இன்னும் ‘ஈ’ என்கிறது. கூடவே, நிபந்தனை எச்சத்தின் வழியாகத் தானறியாமலே ‘கொடு’ என்றும் சொல்லிவிடுகிறது. அது சொல்லாமல் விடுவது ‘ஏற்கிறேன்’ என்ற ஒரு சொல்லைத்தான். ஜூன் 12 அன்று கோப்பைத் திறப்பவர் தேடுவதும் அந்த ஒரு சொல்லையே.